ரெண்டாவது தடவ எழுதுன லெட்டர்

மூணாறு பக்கம் எஸ்டேட் ஆபீஸ்ல கிளார்க்கா இருக்கேன். ஃபேக்டரில 4 வருஷம் வேல பார்த்த அண்ணன் ஒருத்தர் திடீர்னு தவறிட்டாரு. வீட்டுக்கு இங்கிலீஷ்ல லெட்டர் அனுப்புனேன், அடியில "ஆபீஸை தொடர்பு கொள்ளவும்"னு மட்டும். பத்து நாள் கழிச்சு அவரு சம்சாரம் கவரோட வந்து "தம்பி, அஞ்சு வருஷம் ஆகலன்னா கிராஜுவிட்டி கிடையாதாமே"ன்னாங்க.

இறந்துட்டா அந்த அஞ்சு வருஷக் கணக்கே கிடையாது. தமிழ்ல திரும்ப எழுதுனேன், பேசிக்கும் டிஏவும் சேர்த்து 15,600, அத 26-ஆல வகுத்தா நாளுக்கு 600, வருஷத்துக்கு 15 நாள் கணக்குல 9,000, 4 வருஷத்துக்கு 36,000னு கணக்கையே போட்டுட்டேன். பாக்கி சம்பளம் தனி வரி.

பிஎஃப்புக்கு ஃபார்ம் 20, பென்ஷனுக்கு 10டி, இன்சூரன்ஸுக்கு 5ஐஎஃப், மூணும் நாங்களே நிரப்பி கையெழுத்து இடத்துல பென்சில்ல குறி வச்சோம். டெத் சர்ட்டிபிகேட், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் வேணும், நாமினேஷன்ல உங்க பேரு இருக்கு, வாரிசு சர்ட்டிபிகேட்டுக்கு தேவிகுளம் தாலுகா ஆபீஸுக்கு அலைய வேண்டாம்னும் எழுதுனேன் (மொத லெட்டர்ல இத விட்டது என் தப்பு).

அடியில என் பேரு, என் செல் நம்பர். மறுநாளே அக்கா கூப்பிட்டாங்க, ஆதார்ல இனிஷியல் முன்னாடி, பாஸ்புக்ல பின்னாடி இருக்காம், அத முதல்ல பேங்க்ல சரி பண்ண சொன்னேன்.