விளையாடும்போது தலை சுற்றுகிறதா? மாற்ற வேண்டிய மூன்று அமைப்புகள்

மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பஸ்ஸில் செல்போனைப் பார்த்துக்கொண்டே போனால் பலருக்குக் குமட்டும். வண்டி வளைவதை உட்காது உணர்கிறது. கண்ணுக்கோ அசையாத எழுத்து மட்டுமே தெரிகிறது. கணினி விளையாட்டில் இது தலைகீழ். கண் ஓட்டத்தைப் பார்க்கிறது, உடல் நாற்காலியில் சும்மா இருக்கிறது.

பாளையங்கோட்டையில் என் தங்கை மகனின் கணினியையே எடுத்துக்கொள்வோம். 24 அங்குலத் திரை, கண்ணிலிருந்து 60 செ.மீ. தூரம். கதாபாத்திரத்தின் கண் வழியாகப் பார்க்கும் விளையாட்டு. கொஞ்ச நேரத்திலேயே அவனுக்கு நெற்றி வலிக்கும், வாயில் எச்சில் ஊறும். எச்சில் ஊறுவது குமட்டலின் முன்னறிவிப்பு. அப்போதே நிறுத்திவிட வேண்டும்.

முதலில் பார்வைக் கோணம். அமைப்புகளில் Field of View அல்லது FOV என்று இருக்கும். அவனுடையதில் 65 இருந்தது. கோணம் குறுகினால் காட்சி பெரிதாகிறது. மவுஸைச் சிறிது நகர்த்தினாலும் திரை முழுவதும் வேகமாக அடித்துச் செல்கிறது. ஐந்து ஐந்தாகக் கூட்டி 90 வரை கொண்டுபோனோம். மேலும் கூட்டினால் ஓரத்துச் சுவர்கள் இழுபட்டு, நடக்கும்போது விரைந்து பின்னால் ஓடுவதுபோல் தெரியும். அது தெரிந்தால் ஐந்து குறையுங்கள். தொலைக்காட்சியில் தள்ளி உட்கார்ந்து ஆடுபவர்களுக்கு இவ்வளவு அகலம் தேவைப்படாது.

இங்கே ஒரு குழப்பம் வரும். சில விளையாட்டுகள் கோணத்தை மேலிருந்து கீழாக அளக்கின்றன. அகலத் திரையில் அப்படி அளந்த 59, பக்கவாட்டில் அளந்த 90-க்குச் சமம். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் 70 இந்த வகைதான். பக்கவாட்டில் அது 100-ஐத் தாண்டுகிறது. ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் காட்சியையும் பாருங்கள்.

அடுத்து Motion Blur. திரும்பும்போது காட்சியைக் கலங்கலாக்கும் அமைப்பு இது. கண் பிடித்துக்கொள்ள ஒரு நிலையான விளிம்பு கிடைக்காது. அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகு படம் விட்டுவிட்டு நகர்ந்தால், நொடிக்கு வரும் சட்டகங்கள் குறைவு என்று பொருள். நிழல், பிரதிபலிப்பு ஆகியவற்றின் தரத்தைக் குறைத்து 60 சட்டகங்களை எட்டப் பாருங்கள். கணினியால் 30-க்கு மேல் முடியாது என்றால், மிகக் குறைந்த அளவு கலங்கல் சிலருக்கு இதமாக இருக்கும்.

மூன்றாவது Film Grain. பழைய படச்சுருளின் புள்ளிகளைப் படத்தின் மேல் தூவும் அமைப்பு. தலைசுற்றலைவிடக் கண் களைப்புக்கும் தலைவலிக்கும்தான் இதைச் சந்தேகிக்க வேண்டும். இருட்டுச் சுவர் முன் நின்று மவுஸை அசைக்காமல் பாருங்கள். சுவரில் புள்ளிகள் ஊர்ந்தால் இது இன்னும் அணையவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே இடத்தில் நின்று மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். குமட்டல் முழுவதும் அடங்கிய பிறகே அடுத்த சோதனை. இல்லையென்றால் எதை மாற்றினாலும் மோசமாகத்தான் தோன்றும். மூன்றையும் சரிசெய்த பிறகும் ஓடும்போது மட்டும் அவனுக்குச் சற்றுத் தலை சுற்றியது. Head Bob என்ற தலையாட்டத்தை அணைத்ததும் அதுவும் நின்றது.