பயிற்சிக் கட்டணமும் படிப்பு விடுப்பும் கேட்டு மேலாளருக்கு எழுதும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். மேலாளர் மேசைக்குப் போகிற கடிதங்கள் பெரும்பாலும் என் கை வழியாகத்தான் போகும். தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு தம்பி, ஐஎஸ்ஓ 22000 லீட் ஆடிட்டர் பயிற்சிக்குக் கட்டணமும் பத்து நாள் விடுப்பும் கேட்டு ஒருமுறை கடிதம் கொடுத்தார். ஐஎஸ்ஓ 22000 என்பது உணவுப் பாதுகாப்புக்கான தரம். எங்கள் தொழிற்சாலை அந்தச் சான்றிதழ் வைத்திருக்கிறது. மேலாளர் கடிதத்தைப் படித்தார், சுவரிலிருந்த காலண்டரைத் தூக்கி மே மாதத்தைப் பார்த்தார், கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘பார்க்கலாம்’ என்று எழுதி டிரேயில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கடிதம் நகரவே இல்லை.

தம்பி நல்ல வேலைக்காரர். மேலாளருக்கும் அவர்மேல் பிரியம்தான். கோளாறு கடிதத்தில் இருந்தது. அதில் இருந்த முக்கியமான வரிகள் இவ்வளவுதான்:

“எனது எதிர்கால வளர்ச்சிக்கு இப்பயிற்சி மிகவும் உதவியாக இருக்கும். கட்டணம் சுமார் 25,000 ரூபாய். மே 5 முதல் 16 வரை படிப்பு விடுப்பு வழங்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி முடித்தபின் நிறுவனத்தில் நீண்ட காலம் பணியாற்றுவேன் என உறுதியளிக்கிறேன்.”

இப்படிக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் மேலாளர் ஒருவர்தான் படிக்கப் போகிறார் என்று நினைத்துவிடுகிறார்கள். எங்கள் மாதிரி இடங்களில் பணம் சம்பந்தப்பட்ட எதையும் மேலாளர் தானாக முடிவு செய்ய முடியாது. கடிதம் குன்னூரில் இருக்கும் முதலாளிக்குப் போகும், கணக்காளருக்கும் போகும். அவர்கள் இருவரும் தம்பியோடு பேசியதே கிடையாது. அவர்கள் கேட்கப்போகிற கேள்விகளுக்குக் கடிதத்திலேயே பதில் இருந்தால்தான் மேலாளரால் அதை மேலே அனுப்ப முடியும்.

முதல் தவறு, ‘எனது வளர்ச்சி’. அது பொய்யில்லை, ஆனால் முதலாளி அதற்குப் பணம் கட்ட மாட்டார். போதாததற்கு, லீட் ஆடிட்டர் பயிற்சி என்பது பிற நிறுவனங்களை ஆய்வு செய்யப் போகிறவர்களும் எடுக்கிற பயிற்சி. வளர்ச்சி என்ற சொல்லையும் அந்தப் பயிற்சியின் பெயரையும் சேர்த்துப் படித்தால், ‘இவர் படித்து முடித்ததும் கோயம்புத்தூர் போய்விடுவார்’ என்றுதான் தோன்றும். அதனால் தொழிற்சாலையில் இப்போது என்ன குறை இருக்கிறது, யார் அதற்குப் பணம் வாங்குகிறார்கள் என்பதிலிருந்து கடிதம் தொடங்க வேண்டும். அந்தத் தரத்தின்படி வேலை நடக்கிறதா என்று பார்க்கும் உள் தணிக்கையைச் செய்ய, எங்களிடம் வருடத்துக்கு இரண்டு முறை வெளியிலிருந்து ஒரு ஆலோசகர் வருவார். ஒரு தடவைக்கு 15,000 ரூபாய். கடிதத்தின் முதல் வரி அதுவாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் இதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. ‘நான் படித்துவிட்டால் ஆலோசகரே தேவையில்லை’ என்று எழுதிவிடக் கூடாது. ஐஎஸ்ஓ 22000 தரத்தின் 9.2 பிரிவு, உள் தணிக்கை பாரபட்சம் இல்லாமல் நடக்க வேண்டும் என்கிறது. தன் வேலையைத் தானே தணிக்கை செய்தால் அந்தப் பாரபட்சமின்மை எங்கிருந்து வரும்? தரக்கட்டுப்பாட்டுக்காரர் ரோலர் அறை, டிரையர், கிடங்கு, பேக்கிங் எல்லாவற்றையும் தணிக்கை செய்யலாம். ஈரப்பதப் பரிசோதனைப் பதிவேடு, காந்தத்தில் சிக்கும் இரும்புத் துகளை எடைபோட்டு எழுதும் பதிவேடு எல்லாம் அவருடைய கையெழுத்தில் இருக்கின்றன. அவற்றை வேறொருவர்தான் பார்க்க வேண்டும். விஷயம் தெரிந்த ஆலோசகர் இதை முதலாளியிடம் ஒரு வரியில் சொன்னால் போதும், கடிதத்தின் மொத்த நம்பகத்தன்மையும் போய்விடும். ‘இரண்டு தடவையில் ஒன்றை நாங்களே செய்துகொள்ளலாம், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவை மட்டும் தயாரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர் தணிக்கை செய்வார்’ என்று எழுதினால் அது நிற்கும். மிச்சம் வருடத்துக்கு 15,000 ரூபாய்தான். சின்னத் தொகையாகத் தெரியலாம், ஆனால் யாரும் மறுக்க முடியாத தொகை.

இன்னொன்று. உள் தணிக்கையாளர் பயிற்சி என்று தனியாக இரண்டு நாள் பயிற்சி இருக்கிறது, கட்டணமும் குறைவு. கணக்காளர் முதலில் கேட்பது ‘அது போதாதா?’ என்றுதான். கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட வேண்டும். தம்பி விஷயத்தில் பதில் இருந்தது. தணிக்கைத் திட்டம் போடுவது, குழுவை நடத்துவது, அறிக்கை எழுதுவது எல்லாம் இப்போது ஆலோசகர் கையில் இருக்கிறது, ஐந்து நாள் நடக்கும் லீட் ஆடிட்டர் பயிற்சியில்தான் அதைச் சொல்லித் தருகிறார்கள். உண்மையிலேயே இரண்டு நாள் பயிற்சி போதும் என்றால் அதைக் கேட்பதே நேர்மை. அது கிடைக்கவும் வாய்ப்பு அதிகம்.

அடுத்தது, ‘சுமார் 25,000’. ‘சுமார்’ என்று போட்ட தொகைக்கு எங்கள் கணக்காளர் கையெழுத்துப் போட மாட்டார். விளம்பரத்தில் இருந்த கட்டணம் 24,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 4,320 ரூபாய். பயிற்சி கோயம்புத்தூரில், திங்கள் முதல் வெள்ளி வரை. மேட்டுப்பாளையம் இறங்கித் தினமும் போய்வந்தால் பாதி நேரம் பேருந்திலேயே போய்விடும், அதனால் ஞாயிறு இரவிலிருந்து ஐந்து இரவு தங்க வேண்டும். இரவுக்கு 900 என்று வைத்தால் 4,500. சாப்பாடு, பேருந்து 2,400. ஆக மொத்தம் 35,220 ரூபாய். முதலில் 25,000 என்று அனுமதி வாங்கிவிட்டுப் பிறகு பத்தாயிரத்துச் சொச்சம் கூடுதலாகக் கேட்டால் மேலாளர்தான் முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தேர்வில் தவறினால் மறுதேர்வுக் கட்டணம் யாருடையது என்பதையும் எழுதிவிட வேண்டும். ‘மறுதேர்வு என் செலவு’ என்ற மூன்று சொல் பெரிய வேலை செய்யும்.

அந்த ஜிஎஸ்டி விஷயத்தில் ஆளாளுக்குத் தவறுகிறார்கள். அனுமதி வருவதற்குள் இடம் போய்விடுமோ என்று பயந்து, தன் பெயரில் பணத்தைக் கட்டி, தன் பெயரில் ரசீது வாங்கிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். தனி ஆள் பெயரில் இருக்கும் ரசீதை வைத்துக் கம்பெனி அந்த 4,320 ரூபாய்க்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. விலைப்பட்டியல் கம்பெனி பெயரிலும் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணிலும் இருந்தால் எடுக்கலாம். கடிதத்தில் ‘விலைப்பட்டியல் நிறுவனத்தின் பெயரில் தருவதாகப் பயிற்சி நிறுவனம் ஒப்புக்கொண்டுள்ளது’ என்று ஒரு வரி சேர்த்தால், கணக்காளர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

இப்போது விடுப்பு. மேலாளர் காலண்டரைத் தூக்கிப் பார்த்தது இதற்காகத்தான். நீலகிரியில் ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவியும். செப்டம்பருக்கு மேல் இன்னொரு வரத்து. அந்த நாட்களில் ராத்திரி முழுக்க ரோலர் ஓடும், டிரையர் அணையாது, தரக்கட்டுப்பாட்டில் ஒரு ஆள் குறைந்தாலும் சமாளிக்க முடியாது. ஜனவரி, பிப்ரவரியில் பனியும் வறட்சியும் சேர்ந்து கொழுந்து வரத்து விழுந்துவிடும், மெஷின் பராமரிப்பே அப்போதுதான் நடக்கும். அதே பயிற்சி பிப்ரவரியிலும் நடந்தது. தம்பி தேதிப் பட்டியலில் கண்ணில் பட்ட முதல் தேதியை எடுத்து எழுதிவிட்டார்.

‘படிப்பு விடுப்பு பத்து நாள்’ என்று ஒரே மூட்டையாகக் கேட்டதும் தவறு. அரசு ஊழியர்களுக்குப் படிப்பு விடுப்பு என்று விதியே இருக்கிறது. தனியார் தொழிற்சாலையில் அப்படி ஒரு சட்ட உரிமை கிடையாது. சட்டப்படி இருப்பது, வேலை செய்த 20 நாளுக்கு ஒரு நாள் என்று சேரும் சம்பளத்துடன் கூடிய விடுப்பு, நாங்கள் இஎல் என்கிறோமே, அது. ஆகவே நாட்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். பயிற்சியில் உட்காரும் ஐந்து நாளை ஆன் டியூட்டியாகக் கேட்கலாம், கம்பெனி வேலையாகத்தானே போகிறார். வீட்டில் உட்கார்ந்து படிக்கிற நாளைத் தன் இஎல்லில் கழித்துக்கொள்ளச் சொல்வது முறை. தம்பியின் கணக்கில் அப்போது 11 நாள் இருந்தது.

படிக்கும் நாளை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். தம்பி பயிற்சி முடிந்த பிறகு ஐந்து நாள் கேட்டிருந்தார். அந்தப் பயிற்சியில் தேர்வு கடைசி நாளிலேயே. தரத்தின் பிரிவுகளை முன்பே படித்துவிட்டு வர வேண்டும் என்றும் பயிற்சி நிறுவனத்தின் தாளிலேயே போட்டிருந்தது. அதனால் முந்தைய வாரம் மூன்று நாள் இஎல் கேட்பதுதான் பொருத்தம். தேர்வுக்குப் பின் படிப்பு விடுப்பு கேட்டால், படிக்கிறவர் ஊர் சுற்றக் கேட்கிறார் என்று நினைக்க இடம் கொடுக்கிறோம்.

விட்ட வேலையை யார் பார்ப்பார் என்பதற்கு ‘மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று எழுதாதீர்கள். எந்த ஷிப்டை யார் எடுக்கிறார், காந்தப் பதிவேட்டை யார் எழுதுகிறார் என்று சொல்லி, கடிதத்தின் அடியில் அவரிடமே ‘சம்மதம்’ என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கடைசியாக அந்த ‘நீண்ட காலம் பணியாற்றுவேன்’. அது வாக்குறுதி மாதிரித் தெரிந்தாலும் அதில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. மேலாளரே பிறகு ‘மூன்று வருடப் பத்திரம் எழுதிக் கொடு’ என்று கேட்க அதுவே வழிவிடும். இப்படிப்பட்ட பத்திரம் சும்மா காகிதம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் வரம்பை நீங்களே முதலில் வையுங்கள்: “பயிற்சி முடிந்த 12 மாதங்களுக்குள் நானாக விலகினால், கட்டணமான 24,000 ரூபாயில் மீதமுள்ள மாதத்துக்கு 2,000 வீதம் திருப்பித் தருகிறேன்.” ஏழு மாதத்தில் போனால் 10,000 ரூபாய், பன்னிரண்டு முடிந்தால் ஒன்றுமில்லை. வரியைக் கம்பெனி வரவு எடுத்துக்கொள்வதால் அதை இதில் சேர்க்க வேண்டாம். அசல் சான்றிதழை ஒப்படைப்பதாக மட்டும் எழுதவே எழுதாதீர்கள்.

அடுத்த டிசம்பர் முதல் வாரத்தில் தம்பி மறுபடி எழுதினார். ஒரு பக்கம்தான், பின்னால் பயிற்சி நிறுவனத்தின் கட்டணத் தாள் பின் செய்திருந்தது. மேலாளர் காலண்டரைப் பார்க்கவில்லை. பிப்ரவரி என்று கடிதத்திலேயே காரணத்தோடு இருந்தது. தங்கும் செலவை மட்டும் 4,000 என்று பேனாவால் திருத்தி, குன்னூருக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.