மார்ச் பூஜ்ஜியம் தேதி: எக்செலில் மாதக் கடைசியைக் கண்டுபிடிப்பது

சம்பளப் பட்டியல் போட ஆரம்பித்த காலத்தில், ஒரு ஓரத்தில் பன்னிரண்டு எண்களை வரிசையாக எழுதி வைத்திருந்தேன்: 31, 28, 31, 30 என்று. மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. 2024 பிப்ரவரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் வந்து, "சார், எனக்கு ஒரு நாள் குறைகிறதே" என்றார். அந்த 28-ஐ மாற்ற மறந்திருந்தேன். அன்றோடு அந்தப் பட்டியலை அழித்துவிட்டேன். மாதத்துக்கு எத்தனை நாள் என்று நாம் எழுதி வைக்கவே வேண்டாம். அது எக்செலுக்குத் தெரியும்.

அவருடைய கணக்கையே போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். சேர்ந்த நாள் 12 பிப்ரவரி 2024. இந்தத் தேதியை A2 கட்டத்தில் அடியுங்கள். பிறகு B2 கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=EOMONTH(A2,0)
```

பெரும்பாலும் 45351 என்று ஓர் எண் வந்து நிற்கும். பயப்பட வேண்டாம், அதுதான் சரியான விடை. எக்செல் ஒவ்வொரு தேதியையும் ஒரு நாள் எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. 1900 ஜனவரி 1-க்கு எண் 1. அந்தக் கட்டத்தில் நின்று Ctrl+1 அழுத்தி, Date என்பதைத் தேர்ந்தெடுத்தால் 29 பிப்ரவரி 2024 என்று மாறிவிடும். ஃபார்முலாவில் உள்ள 0, 'இதே மாதம்' என்று பொருள்படும். 1 என்று போட்டால் அடுத்த மாதத்தின் கடைசி நாள், -1 என்றால் போன மாதத்தின் கடைசி நாள்.

மாதத்தில் எத்தனை நாள் என்பது இப்போது கையிலேயே இருக்கிறது. கடைசித் தேதியின் நாள் பகுதிதான் அது. C2-வில்:

```
=DAY(B2)
```

29 வரும். இனி சம்பளம், D2-வில்:

```
=ROUND(18000*(B2-A2+1)/C2,2)
```

கடைசி நாளிலிருந்து சேர்ந்த நாளைக் கழித்தால் 17தான் வரும். சேர்ந்த நாளும் வேலை நாள் என்பதால் 1 கூட்டுகிறோம். ஆக 18 நாள். விடை 11,172.41 ரூபாய். என் பழைய 28-ஐ வைத்தால் 17 நாளுக்கு 10,928.57தான் வருகிறது. அவருக்கு 243.84 ரூபாய் நஷ்டம்.

நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு, நூறால் வகுபட்டால் இல்லை, நானூறால் வகுபட்டால் மறுபடியும் உண்டு என்ற விதியை நாம் எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் சூட்சுமம் இந்த ஃபார்முலாவில் இன்னும் தெளிவாகத் தெரியும்:

```
=DATE(2024,3,0)
```

மார்ச் மாதம் பூஜ்ஜியம் தேதி! அப்படி ஒரு நாள் இல்லை என்று எக்செல் சண்டைக்கு வருவதில்லை. மார்ச் 1-க்கு முந்தைய நாளை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. பிப்ரவரி எத்தனை நாளில் முடிந்தால் என்ன, மார்ச் 1-க்கு முந்தைய நாள்தானே அதன் கடைசி நாள். ஓர் ஆண்டு லீப் ஆண்டா என்று பார்க்கவும் இதுவே போதும்: `=DAY(DATE(2100,3,0))` என்று கேட்டால் 28 என்கிறது. 2100 நான்கால் வகுபட்டாலும் லீப் ஆண்டு அல்ல.

ஃபார்முலா சரியாக இருந்தும் விடை தவறுகிறதென்றால், பெரும்பாலும் A2-வில் உள்ள தேதியைத்தான் சந்தேகிக்க வேண்டும். கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், மாதம் முதலில் வரும். நீங்கள் 12/02/2024 என்று அடித்ததை அது டிசம்பர் 2 என்று எடுத்துக்கொள்ளும். எந்தப் பிழைச் செய்தியும் வராது; சம்பளம் மட்டும் 17,419.35 ஆகிவிடும். அதற்கு அடுத்த வரியில் 13/02/2024 என்று அடித்தால், பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். அந்தக் கட்டத்தில் தேதி இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்கும், ஃபார்முலா `#VALUE!` என்று காட்டும். என்னைக் கேட்டால் இரண்டாவது பிழையே மேல், கண்ணிலாவது படுகிறதே. முதலாவதைப் பிடிக்க, பக்கத்துக் கட்டத்தில் `=TEXT(A2,"mmmm")` என்று எழுதி மாதத்தின் பெயரை ஒரு முறை வாசித்துவிடுங்கள். அல்லது தேதியை அடிக்கும்போதே `12-Feb-2024` என்று அடியுங்கள், குழப்பமே வராது.

எக்செலே தவறிய ஓர் இடமும் உண்டு. `=DAY(DATE(1900,3,0))` என்று கேட்டுப் பாருங்கள், 29 என்கிறது. 1900 லீப் ஆண்டே அல்ல. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த பிழை இது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எக்செலும் அப்படியே வைத்துக்கொண்டது. கூகுள் ஷீட்ஸில் இதையே கேட்டால் 28 என்று சரியாகச் சொல்லும். 1900 மார்ச்சுக்குப் பிந்தைய சம்பளப் பட்டியல் எதையும் இந்தப் பிழை தொடாது.