ஹட்டன் தேயிலைக்குப் பேஸ்புக் விளம்பரம்: நாளுக்கு எவ்வளவு, எப்போது கூட்டலாம்?

ஹட்டனிலிருந்து தேயிலைப் பக்கற்றை கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கூரியரில் அனுப்பும் ஒருவரை வைத்துக் கணக்குப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கொப்பியை எடுங்கள். ஒரு கிலோ பக்கற் 2,400 ரூபா. தேயிலைக்கும் பொதிக்கும் 1,300, கூரியருக்கு 400 போனால் மிச்சம் 700. ஆனால் பொருள் கைக்கு வந்தபின் காசு என்றால், பத்தில் இரண்டு திரும்பி வரும் என்று வையுங்கள். எட்டு விற்றால் 5,600, திரும்பிய இரண்டுக்கும் கூரியர் நட்டம் 800. மீதி 4,800ஐப் பத்தால் பிரித்தால் 480. ஓர் ஓடருக்கு விளம்பரச் செலவு இதைத் தாண்டினால் கைநட்டம். 300க்குள் முடிக்கப் பாருங்கள்.

அடுத்து நாள் தொகை. வாட்ஸ்அப்பில் விசாரிப்பவர்களில் ஆறுபேருக்கு ஒருவர் வாங்குகிறார் என்றால், ஒரு விசாரிப்புக்கு 50 ரூபா கொடுக்கலாம். விளம்பரம் ஆள்பிடிக்கப் பழக, கிழமைக்கு ஏறக்குறைய 50 விசாரிப்பு தேவை. அதற்கு 2,500 ரூபா, நாளுக்கு 400 வைத்தால் சரி. சில நாள் பேஸ்புக் 400ஐத் தாண்டிப் பிடிக்கும், பயப்படவேண்டாம். கிழமைக்கு ஏழு மடங்கைத் தாண்டாது.

விளம்பரத்தில் `Learning` என்று காட்டிக்கொண்டிருக்கும்வரை தொகையையோ படத்தையோ மாற்றாதீர்கள். பெரிய மாற்றம் செய்தால் பழக்கம் முதலிலிருந்து தொடங்கும்.

முதற்கிழமை 2,800 செலவு, 56 விசாரிப்பு, 9 ஓடர். ஓடருக்கு 311. இப்போதே கூட்டலாமா? கூடாது. திரையில் தெரியும் `Cost per result` விசாரிப்பின் விலை மட்டும்தான், பார்சல் திரும்பியது அதற்குத் தெரியாது. போயா லீவும், மழைக்கு மண் சரிந்து பாதை மூடுவதும் சேர்ந்தால் கூரியர் இன்னும் தாமதிக்கும். ஒன்பது பார்சலின் முடிவும் வரட்டும். இரண்டு திரும்பி, ஏழு கைசேர்ந்தால் 4,900இல் கூரியர் நட்டம் 800 கழித்து 4,100. விளம்பரச் செலவும் போக 1,300 மிச்சம்.

அப்புறம் நாள் தொகையை 480 ஆக்குங்கள், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூட. ஒரே நாளில் 1,000க்குத் தாவினால் பழைய விலைக்கு ஆள் கிடைப்பது அபூர்வம். ஒரு கிழமை பார்த்து, சரிவந்தால் 600. தீபாவளிக் கிழமையின் ஓடரை நம்பிக் கூட்டாதீர்கள், அது பண்டிகை கொண்டுவந்தது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 600இல் கிழமைக்கு 4,200 செலவு, 11 ஓடர் என்று வையுங்கள். சராசரி 382, இன்னும் 480க்குள் என்று மனம் சொல்லும். ஆனால் 400இல் ஓடியபோது ஒன்பது வந்ததே! கூடுதலாகப் போட்ட 1,400க்கு வந்தது இரண்டு ஓடர்தான், ஒன்று 700 ரூபா. பழைய ஒன்பதின் இலாபத்தைப் புதிய இரண்டும் தின்கின்றன. இரண்டு ஓடர் சின்ன எண்ணிக்கைதான், தற்செயலாகவும் இருக்கலாம். அதனால் இன்னொரு கிழமை விட்டுப் பாருங்கள். மறுகிழமையும் அப்படியே என்றால் நாள் தொகையை 480க்கு இறக்கிவிட்டு, வேறு படத்தோடு தனி விளம்பரம் ஒன்றைச் சிறிய தொகையில் தொடங்குங்கள்.