போர்ட் வேகத்தைக் கட்டாயமாக அமைத்ததும் லிங்க் ஏன் விழுகிறது?

இரண்டு சுவிட்ச்சுகள் சாதாரண நேர்க் கேபிளால் (ஸ்ட்ரெயிட்) இணைக்கப்பட்டு நன்றாக இயங்கிக்கொண்டிருக்கின்றன. இணைப்பு உறுதியாக இருக்கட்டும் என்று இரு முனைகளிலும் வேகத்தை 100, டூப்ளெக்ஸை ஃபுல் என ஒரே மாதிரி அமைத்ததும் லிங்க் விளக்கு அணைந்துவிடுகிறது. அமைப்புகள் பொருந்தியிருந்தும் இப்படி ஆவதற்குக் காரணம் கேபிளுக்குள் இருக்கிறது.

100 மெகாபிட் ஈதர்நெட்டில் கணினி 1, 2 ஆகிய பின்களில் அனுப்பி, 3, 6 ஆகிய பின்களில் பெறுகிறது. சுவிட்ச் இதற்கு நேர்மாறு. ஆகவே சுவிட்ச்சையும் சுவிட்ச்சையும் நேர்க் கேபிளால் இணைத்தால், இரண்டும் ஒரே இணைக்கம்பியில் அனுப்பும், கேட்க வேண்டிய கம்பியிலோ எதுவும் வராது. இதைக் கண்டறிந்து ஒரு முனையில் கம்பிகளை உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொள்வதுதான் ஆட்டோ-எம்டிஐஎக்ஸ். பல சாதனங்களில் இது ஆட்டோ-நெகோஷியேஷனோடு சேர்ந்தே இயங்குவதால், வேகத்தைக் கட்டாயப்படுத்தியவுடன் இதுவும் நின்றுவிடுகிறது.

முதலில் நிலையைப் பாருங்கள். சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்ச்சில்:

```
show interfaces status
```

அந்தப் போர்ட்டின் வரியில் `notconnect` என்றும், `a-full`, `a-100` என்பதற்குப் பதில் முன்னால் `a-` இல்லாமல் `full`, `100` என்றும் இருந்தால், போர்ட் கட்டாய அமைப்பில் உள்ளது.

அடுத்து, கிராஸ்ஓவர் கேபிள் ஒன்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள். லிங்க் வந்துவிட்டால் காரணம் உறுதியாகிறது. ஆயினும் நான் பரிந்துரைக்கும் தீர்வு, இரு முனைகளையும் தானியங்கிக்குத் திருப்புவதே:

```
interface GigabitEthernet0/1
 speed auto
 duplex auto
 mdix auto
```

லிங்க் விழுந்திருப்பதால் மறுமுனையை அதன் வழியாக அணுக முடியாது. கன்சோல் கேபிளோடு நேரில் செல்ல வேண்டியிருக்கலாம்.

ஒரு முனையை மட்டும் தானியங்கிக்கு மாற்றிவிட்டு நிறுத்துவது, லிங்க் விழுவதைவிடத் தொல்லையானது. கட்டாயப்படுத்தப்பட்ட முனை தன் திறன்களை அறிவிப்பதில்லை. தானியங்கி முனை சிக்னலைப் பார்த்து 100 என்ற வேகத்தை அறிந்துகொள்ளும், டூப்ளெக்ஸை அறிய வழியில்லாததால் ஹாஃப் என்றே வைத்துக்கொள்ளும். விளக்கு எரியும், பிங் பதில் வரும், ஆனால் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது வேகம் சரிந்துவிடும். ஹாஃப் முனையில் லேட் கொலிஷன் எண்ணிக்கையும், ஃபுல் முனையில் சிஆர்சி பிழைகளும் ஏறிக்கொண்டே போனால் நோய் இதுதான் என்று அறியலாம்.

வேகத்தை 100-க்குள் நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், அந்தக் கட்டளையை ஏற்கும் மாடல்களில் `speed auto 100` என்று கொடுங்கள். அப்போது பேச்சுவார்த்தை தொடர்ந்து நடக்கும். 100 மட்டுமே அறிவிக்கப்படும். செப்புக் கம்பியில் ஓடும் 1000BASE-T-யில் எந்த முனையின் கடிகாரம் தலைமை வகிப்பது என்பதையே ஆட்டோ-நெகோஷியேஷன்தான் தீர்மானிக்கிறது என்பதால், அங்கே அதை அணைக்க முயலவே கூடாது.