தவணை முன்னே பின்னே ஆனாலும் ஆண்டு வருமானத்தைச் சரியாகக் கணக்கிடுவது எப்படி?

தொடர் வைப்பிலோ ஃபண்டிலோ மாதா மாதம் பணம் போடுகிறோம். ஒரு மாதம் தவறிவிடுகிறது, இன்னொரு மாதம் கையில் கூடுதலாக இருந்ததால் இரண்டு மடங்கு போடுகிறோம். வருடக் கடைசியில் "எனக்கு எத்தனை சதவீதம் கிடைத்தது?" என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் லாபத்தைப் போட்ட மொத்தத் தொகையால் வகுத்துவிடுகிறார்கள். அந்த விடை நிச்சயம் தவறு. ஒரு கணக்கை வைத்தே பார்க்கலாம்.

| | A (தேதி) | B (தொகை) |
|---|---|---|
| 2 | 2025-01-05 | -5000 |
| 3 | 2025-02-10 | -5000 |
| 4 | 2025-04-05 | -5000 |
| 5 | 2025-06-20 | -12000 |
| 6 | 2025-09-05 | -3000 |
| 7 | 2025-11-15 | -10000 |
| 8 | 2026-01-05 | 41800 |

போட்டது 40,000. ஒரு வருடம் கழித்து கணக்கில் இருப்பது 41,800. லாபம் 1,800. அதை 40,000-ஆல் வகுத்தால் 4.5% வரும். ஆனால் நவம்பரில் போட்ட 10,000 கணக்கில் இருந்தது வெறும் 51 நாள்தான். அதற்கும் முழு வருட வட்டி வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் சதவீதம் இவ்வளவு குறைவாகத் தெரிகிறது.

படி 1: பட்டியலைப் போடுங்கள்

எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் எதுவானாலும் சரி. மேலே உள்ளதுபோல ஒரு பக்கம் தேதி, பக்கத்தில் தொகை. உங்கள் கையை விட்டுப் போகும் பணத்துக்கு மைனஸ் குறி, கைக்கு வரும் பணத்துக்குக் குறி வேண்டாம். கடைசி வரியில் இன்றைய தேதியும், இன்று கணக்கை மூடினால் உண்மையில் கைக்கு வரும் தொகையும் இருக்க வேண்டும். முன்கூட்டியே மூடினால் பிடித்தம் உண்டென்றால், அதைக் கழித்துவிட்டு எழுதுங்கள். நடுவில் கொஞ்சம் எடுத்திருந்தால் அந்தத் தேதியில் மைனஸ் இல்லாமல் ஒரு வரி. தாமதத்துக்கு அபராதம் கட்டியிருந்தால் தவணையோடு சேர்த்து எழுதுங்கள், அதுவும் உங்கள் பணம்தானே.

கணக்குக்குள்ளேயே வரவு வைக்கப்பட்ட வட்டியையும், ஃபண்டிலேயே மறுமுதலீடு ஆன டிவிடெண்டையும் தனி வரியாக எழுதக் கூடாது. அவை கடைசித் தொகைக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. பணம் போடாத மாதத்துக்கும் வரி தேவையில்லை. மேலே மார்ச் இல்லை, பாருங்கள்.

படி 2: ஒரே சூத்திரம்

காலியான ஒரு செல்லில் இதைத் தட்டுங்கள்:

```
=XIRR(B2:B8, A2:A8)
```

விடை 0.0819 என்று வரும். செல்லைச் சதவீத வடிவத்துக்கு மாற்றினால் 8.19%. இதுதான் உண்மையான ஆண்டு வருமானம். முதலில் பார்த்த 4.5 எங்கே, இது எங்கே!

இந்த எண் என்ன சொல்கிறது? ஒவ்வொரு தவணையும் போட்ட நாளிலிருந்து ஆண்டுக்கு 8.19% கூட்டு வட்டியில் வளர்ந்திருந்தால், எல்லாம் சேர்ந்து கடைசி நாளில் 41,800 ஆகியிருக்கும். ஜூன் 20-இல் போட்ட 12,000-க்கு 199 நாள் கிடைத்தது, அது சுமார் 12,526 ஆகிறது. நவம்பர் 10,000-க்கு 51 நாள், அது சுமார் 10,111. இப்படி ஆறு தவணையும் வளர்ந்து வந்து 41,800-இல் சேரும் ஒரே விகிதத்தை XIRR பல விகிதங்களைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது.

படி 3: வேறு வழியில் சரிபாருங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஒவ்வொரு தவணையையும் அது கணக்கில் இருந்த நாட்களால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 365-ஆல் வகுத்தால், வருடம் முழுக்கச் சராசரியாக எவ்வளவு பணம் உழைத்தது என்று தெரிந்துவிடும்:

```
=SUMPRODUCT(-B2:B7, A8-A2:A7)/365
```

நம் கணக்கில் இது சுமார் 22,216. அதாவது 40,000 போட்டிருந்தாலும், வருடம் முழுக்க உழைத்தது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். லாபம் 1,800-ஐ 22,216-ஆல் வகுத்தால் 8.1%. XIRR தந்த 8.19-க்கு மிக அருகில் இருக்கிறது, ஆக XIRR போட்ட கணக்கு சரி. பட்டியலிலேயே தேதியோ தொகையோ தவறாக இருந்தால் இந்தச் சோதனை அதைக் காட்டாது. ஒரு வருடத்தை ஒட்டிய கணக்குகளுக்கு இந்தச் சோதனை நன்றாகப் பொருந்தும். பல வருடக் கணக்கில் கூட்டு வட்டியின் விளைவு பெரிதாகிவிடுவதால் இரண்டும் விலகிப் போகும்.

விடை வராவிட்டால், அல்லது தப்பாக வந்தால்

#NUM! என்று வந்தால் முதலில் குறிகளைப் பாருங்கள். எல்லாத் தொகையும் ஒரே குறியில் இருந்தாலோ, கடைசித் தொகையை எழுத மறந்திருந்தாலோ இது வரும். முதல் வரியில் உள்ள தேதிக்கு முந்தைய தேதி கீழே எங்காவது இருந்தாலும் எக்செல் இதையே காட்டும். #VALUE! வந்தால் ஏதோ ஒரு தேதி வெறும் எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது.

இவற்றைவிட மோசமானது, பிழையே காட்டாத தவறு. 10-02-2025 என்று தட்டினால், செயலியின் அமைப்பைப் பொறுத்து அது பிப்ரவரி 10 ஆகவும் இருக்கலாம், அக்டோபர் 2 ஆகவும் இருக்கலாம். XIRR எதுவும் சொல்லாமல் ஒரு விடையைத் தந்துவிடும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். அதனால்தான் பட்டியலில் ஆண்டை முதலில் எழுதியிருக்கிறேன். சந்தேகமிருந்தால் ஒரு செல்லில் =A3-A2 என்று போட்டுப் பாருங்கள். 36 வந்தால் தேதி சரி.

அறிவித்த வட்டியோடு ஒப்பிடும்போது

தவணையை ஒழுங்காகக் கட்டிய தொடர் வைப்பில்கூட XIRR, அறிவித்த வட்டியைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரலாம். பயப்பட வேண்டாம். 8% என்று அறிவித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்த்தால், வருடத்தில் உண்மையில் கிடைப்பது 8.24%. XIRR காட்டுவது இந்த இரண்டாவது எண்ணைத்தான். ஆகவே அறிவித்த விகிதத்தை முதலில் இப்படி மாற்றிக்கொண்டு, பிறகு ஒப்பிடுங்கள்:

```
=EFFECT(8%, 4)
```

இங்கே 4 என்பது வருடத்தில் எத்தனை முறை வட்டி அசலோடு சேர்கிறது என்பது. இப்படி மாற்றிய பிறகும் உங்கள் XIRR தெளிவாகக் குறைவாக இருந்தால் அபராதமோ, பிடித்தமோ, கட்டணமோ எங்கோ போயிருக்கிறது. கணக்கு அறிக்கையை எடுத்து வரி வரியாகப் பாருங்கள்.

ஃபண்டு தொடங்கி சில மாதமே ஆகியிருந்தால் XIRR பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. 60 நாளில் 10,000 என்பது 10,300 ஆனால், அதே வேகம் வருடம் முழுக்க நீடிக்கும் என்று வைத்துக்கொண்டு அது 19.7% என்று காட்டும். கிடைத்தது 3%தான். ஒரு வருடம் நிறையும்வரை, போட்டது இவ்வளவு, இப்போது இருப்பது இவ்வளவு என்று மட்டும் குறித்து வையுங்கள்.