ஈசாப் பங்குகளுக்கு வரிக் கணக்கு: வாங்கும்போது ஒரு முறை, விற்கும்போது இன்னொரு முறை

இந்தியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனம், தன் ஊழியருக்கு 1,000 பங்குகளைத் தலா 100 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை, அதாவது ஈசாப்பை, தந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உரிமை கைக்கு வந்த நாளிலும், அது முதிர்ந்து பயன்படுத்தத் தகுந்ததான நாளிலும் வரி கிடையாது. அவர் அதைப் பயன்படுத்திப் பங்குகளை வாங்கும் நாளில்தான் கணக்கு தொடங்குகிறது.

படி 1: அன்றைய சந்தை மதிப்பைக் கண்டறியுங்கள். அன்றைய தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் சராசரியே சந்தை மதிப்பு. 2024 ஜூனில் அவர் உரிமையைப் பயன்படுத்திய நாளில் தொடக்க விலை 490, முடிவு விலை 510 என்றால், மதிப்பு 500 ரூபாய்.

படி 2: அதிலிருந்து அவர் செலுத்திய 100 ரூபாயைக் கழித்தால், பங்குக்கு 400 வீதம் 4,00,000 ரூபாய் சம்பளத்தோடு சேரும். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 1,24,800 ரூபாய் வரி வரும். சர்சார்ஜ் இருந்தால் அது தனி. ஒரு பங்கைக்கூட விற்காத நிலையில் இதை நிறுவனம் டிடிஎஸ்ஸாகப் பிடிக்கும் என்பதால், அந்த மாதச் சம்பளமே கரைந்துபோகக்கூடும். ஆகவே பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது அல்லது வரிக்கு ஈடான பங்குகளை உடனே விற்க நிறுவனத்தின் திட்டத்தில் இடமிருக்கிறதா என்று கேட்பது நல்லது.

படி 3: ஃபார்ம் 16-உடன் வரும் 12BA படிவத்தில் இந்த 4,00,000 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்து, அதைப் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது இதுதான் உங்கள் ஆதாரம்.

படி 4: விற்கும்போது, பங்கின் அடக்கவிலை நீங்கள் செலுத்திய 100 அல்ல, ஏற்கெனவே வரி கட்டிய 500 ரூபாய். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். நம் ஊழியர் 2025 செப்டம்பரில் 650 ரூபாய்க்கு விற்றால் ஆதாயம் 1,50,000 ரூபாய். பங்கு ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து 12 மாதங்கள் கடந்துவிட்டதால் இது நீண்ட கால ஆதாயம். வேறு நீண்ட காலப் பங்கு ஆதாயம் இல்லையென்றால், முதல் 1,25,000 ரூபாய் நீங்கலாக மிச்சம் 25,000 ரூபாய்க்கு 12.5 சதவீதமும் செஸ்ஸுமாக 3,250 ரூபாய் வரி. தரகரின் அறிக்கையில் அடக்கவிலை 100 என்றோ வெறுமையாகவோ இருப்பதுண்டு. அந்த 100 ரூபாயை அப்படியே ஐடிஆர்-2இல் ஏற்றினால் வரி 55,250 ரூபாயாகிவிடும். ஏற்கெனவே வரி கட்டிய 4,00,000 ரூபாய்க்கு மறுபடியும் வரி கட்டுவதாகத்தான் இதற்குப் பொருள்.

பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால் முழு ஆதாயத்துக்கும் 20 சதவீத வரி.

விலை இறங்கினால் நிலைமை கடினம். அதே பங்கை 300 ரூபாய்க்கு விற்றால் 2,00,000 ரூபாய் மூலதன நட்டம். ஆனால் சம்பளத்தில் சேர்ந்த 4,00,000 ரூபாயை அது குறைக்காது, கட்டிய வரியும் திரும்பாது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து வந்த நட்டமாக இருந்தால், நீண்ட கால ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம். கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால் அடுத்த 8 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம்.